துண்டுப் பிரசுரத்தில் ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இங்குள்ள ஒரு சௌஹார்த கடன் கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகளாக உறுப்பினர். என்னுடைய 4 லட்சம் ரூபாயும் அங்கே டெபாசிட்டாக இருக்கிறது. ஒரு மாதம்கூட வட்டி தவறியதில்லை.

ஓய்வுபெற்றவர்களுக்காகச் சங்கம் புதிய டெபாசிட் திட்டம் தொடங்குகிறது. அதற்கான கன்னடப் பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி இயக்குநர் ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’, ‘அரசுப் பதிவு பெற்றது’, ‘வங்கியைப் போலவே 5 லட்சம் வரை காப்பீடு’, ‘ஆண்டு வருவாய் 11.98 சதவீதம்’, ‘மாதந்தோறும் நிலையான வருமானம்’ என்ற வரிகள் அதில் இருக்கின்றன. உள்ளே சிறிய எழுத்தில் வட்டி 9.5 சதவீதம், காலம் 5 ஆண்டு என்றிருக்கிறது. பெரியவர்களைக் குழப்பும் கணக்குச் சொற்கள் எதுவும் வேண்டாம், மனத்துக்கு இதமாக இருந்தால் போதும் என்கிறார் இயக்குநர். கோயில் வாசல்களிலும் பூங்காவில் நடக்க வருகிறவர்களிடமும் கொடுக்கப் போகிறார்களாம்.

நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். சட்டப்படி ஏதாவது பார்க்க வேண்டுமா? என்னென்ன சொல்ல வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

*

அன்புள்ள அம்மா,

அச்சுக்குப் போவதற்கு முன்பே கேட்டீர்கள், அதுவே பெரிய நிம்மதி. நீங்கள் அனுப்பிய ஐந்து வரிகளில் ஒன்று உண்மைக்கு நேர்மாறானது, இரண்டு படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும், மற்ற இரண்டையும் திருத்தித்தான் எழுத வேண்டும். முதலில் அந்தக் காப்பீட்டு வரியை எடுத்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற ஒருவர் தன் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

5 லட்சம் காப்பீடு யாருக்கு உண்டு

ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம்தான் இந்தக் காப்பீட்டை வழங்குகிறது. அரசு வங்கிகள், தனியார் வங்கிகள், சிறு நிதி வங்கிகள், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகள் ஆகியவை இதற்குள் வரும். கடன் கூட்டுறவுச் சங்கங்கள் வராது. உங்கள் சங்கம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அதன் டெபாசிட்டுகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சங்கமே விரும்பினாலும் பணம் கட்டி இதில் சேர முடியாது.

ஐயம் இருந்தால் அந்தக் கழகத்தின் dicgc.org.in என்ற இணையதளத்தைத் திறந்து பாருங்கள். காப்பீடு பெற்ற வங்கிகளின் பெயர்ப் பட்டியல் அதில் இருக்கிறது. இயக்குநரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சங்கத்தின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். அவரும் உண்மையிலேயே தெரியாமல் சொல்லியிருக்கலாம். சங்கத்தின் பணம் ஏதோ ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்காக இருக்கும், ‘அந்த வங்கிக்குக் காப்பீடு உண்டு, ஆகவே நமக்கும் உண்டு’ என்று நினைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வங்கி நொடித்தால் சங்கத்துக்கு, அது ஒரே வாடிக்கையாளர் என்பதால், மொத்தமாக 5 லட்சம் வரை கிடைக்கும். சங்கத்தில் பணம் போட்ட நூறு பேருக்கும் ஆளுக்கு 5 லட்சம் கிடைக்காது.

வங்கிக் காப்பீட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. ஒருவர் ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் தன் பெயரில் பிரித்துப் போட்டாலும் மூன்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வெவ்வேறு வங்கிகளில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5 லட்சம். அதனால்தான் காப்பீட்டையே நம்பி இருக்க விரும்புகிறவர்களிடம், ஒரு வங்கியில் நாலரை லட்சத்தோடு நிறுத்துங்கள், வட்டி சேர்வதற்கு இடம் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

2020 ஜனவரியில் பெங்களூரின் ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில், ஒரு கணக்கிலிருந்து 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் ஓய்வூதியர்கள். அதற்கு அடுத்த மாதம், 2020 பிப்ரவரி 4 முதல்தான், காப்பீட்டுத் தொகை 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வங்கிக்கு இப்படிக் கட்டுப்பாடு வந்தால் காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் டெபாசிட்தாரரின் கைக்கு வர வேண்டும் என்று விதி வந்தது. வங்கியில் போட்டவருக்கு இந்தப் பிடிமானம் இருக்கிறது. கடன் சங்கம் நொடித்தால் இப்படி எதுவும் இல்லை. கூட்டுறவுப் பதிவாளரிடம் மனு, டெபாசிட்தாரர் நலன் காக்கும் 2004ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டத்தின்படி புகார், சொத்து முடக்கம், நீதிமன்றத்தில் ஏலம் என்று போகும். எழுபது வயதுக்காரருக்கு அந்த வழி மிக நீளமானது.

‘அரசுப் பதிவு’, ‘வங்கியைப் போல’

அரசுப் பதிவு உண்மைதான். ஆனால் ஒரு வண்டிக்குப் பதிவு எண் இருப்பதால் அது விபத்துக்குள்ளாகாது என்று ஆகிவிடாது. 1997ஆம் ஆண்டின் கர்நாடக சௌஹார்த சட்டமே, கூட்டுறவு அமைப்புகளில் அரசின் தலையீடு குறைந்து உறுப்பினர்கள் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக வந்தது. சங்கம் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் போனால் அரசு தன் கருவூலத்திலிருந்து தராது. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே ‘அரசுப் பதிவு’ என்று அச்சிட்டால் படிப்பவர் அரசு உத்தரவாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘இன்ன சட்டத்தின்படி பதிவு பெற்ற கடன் கூட்டுறவுச் சங்கம்’ என்று பிரசுரத்தின் அடியில், முகவரிக்கு அருகில் போடுங்கள். அங்கே அது வெறும் தகவலாக நிற்கும்.

‘வங்கியைப் போல’ என்பதை எந்த வடிவிலும் எழுதாதீர்கள். வங்கி உரிமம் இல்லாத கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் பெயரில் வங்கி என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாதபடி 2020இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு வெளியிட்ட எச்சரிக்கையில் அதை நினைவூட்டியதோடு, இன்னொன்றையும் சொன்னது: உறுப்பினர் அல்லாதவர்களிடமும் பெயரளவு உறுப்பினர்களிடமும் டெபாசிட் வாங்கும் சங்கங்கள் சட்டத்தை மீறி வங்கித் தொழில் நடத்துகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த இடம்தான். கோயில் வாசலிலும் பூங்காவிலும் பிரசுரம் வாங்குகிறவர் சங்கத்தின் உறுப்பினர் அல்ல. பணம் கொண்டுவரும் அன்றைக்கே நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவரைப் பெயரளவு உறுப்பினராகச் சேர்ப்பார்கள். அவருக்கு ஓட்டுரிமை இருக்காது. டெபாசிட் படிவத்தோடு பங்கு விண்ணப்பமும் இருக்கிறதா, அதில் எந்த வகை உறுப்பினர் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். பெயரளவு உறுப்பினர் என்றிருந்தால் இந்தப் பிரசுரத்தையே கைவிட வேண்டும்; மொழியைத் திருத்துவதால் அந்தக் குறை தீராது. ஏற்கெனவே ஓட்டுரிமையுள்ள உறுப்பினர்களுக்கு மட்டும் அறிவிப்பாக அனுப்புவதென்றால் மேற்கொண்டு பேசலாம்.

11.98 எங்கிருந்து வந்தது

தமிழ் எழுதுகிறவராக நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. சற்றுப் பொறுமையாகப் பாருங்கள்.

5 லட்சம் ரூபாயை 9.5 சதவீதத்தில் 5 ஆண்டு வைத்து, வட்டியை ஒரு முறைகூட எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் சுமார் 7,99,555 ரூபாய் ஆகும். கூடுதலாகக் கிடைத்தது 2,99,555. இதை 5 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 59,911. அது 5 லட்சத்தில் 11.98 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்ந்ததையும் ஆண்டுக்குச் சமமாகப் பங்கு போட்டு ஒரு பெரிய எண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள். சங்கம் தரும் வட்டி 9.5 சதவீதம்தான்.

இப்போது மாதந்தோறும் வருமானம் வேண்டும் என்கிற பெரியவரை எண்ணிப் பாருங்கள். பிரசுரத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் கணக்குப் போடுகிறார்: 5 லட்சத்துக்கு 11.98 சதவீதம், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 4,990 ரூபாய். மருந்துக்கும் பால்காரருக்கும் அதை ஒதுக்கிவிடுகிறார். ஆனால் மாதந்தோறும் வட்டியை எடுக்கிறவருக்கு வட்டிக்கு வட்டி சேராது. அவர் கைக்கு வருவது 9.5 சதவீதத்தில் மாதம் 3,958 ரூபாய். மாதாமாதம் தருவதற்காக இன்னும் சில பத்து ரூபாய் குறைத்துத் தருகிற வழக்கமும் உண்டு. ஆக, அவருக்கு ஒவ்வொரு மாதமும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். ஒரே தாளில் ‘11.98’ என்றும் ‘மாதந்தோறும் வருமானம்’ என்றும் போடுவது, ஒருவருக்கு ஒருபோதும் சேர்ந்து கிடைக்காத இரண்டைச் சேர்த்துக் காட்டுவதாகும்.

கணக்குச் சொற்கள் வேண்டாம் என்று இயக்குநர் கேட்டதில் தவறில்லை. ‘கூட்டு வட்டி’, ‘முதிர்வுத் தொகை’ போன்ற சொற்களை நானும் எழுதமாட்டேன். சதவீதத்தை ரூபாயாகவும் தேதியாகவும் மாற்றி எழுதினால் அந்தச் சொற்கள் தாமாகவே விலகிவிடும். ‘நிலையான வருமானம்’ என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். வட்டி வீதம் 5 ஆண்டுக்கும் மாறாது என்பது திட்டத்தின் விதியாக இருந்தால் அதைச் சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் பணம் வந்தே தீரும் என்பது வேறு, அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது.

நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

> எங்கள் உறுப்பினர்களில் ஓய்வுபெற்றவர்களுக்கான 5 ஆண்டு டெபாசிட். நீங்கள் 5 லட்சம் ரூபாய் போட்டால் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி உங்கள் கணக்கில் 3,958 ரூபாய் வட்டி சேர்க்கப்படும். 5 ஆண்டுக்கும் இந்த வட்டி வீதம் மாறாது. 5 ஆண்டு முடிந்ததும் 5 லட்சத்தைத் திருப்பித் தருவோம்.
>
> நாங்கள் வங்கி அல்ல, கடன் கூட்டுறவுச் சங்கம். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இந்த டெபாசிட்டுக்குக் கிடையாது. உங்கள் பணத்தை எங்கள் உறுப்பினர்களுக்குக் கடனாகக் கொடுத்து, அதில் வரும் வட்டியிலிருந்து உங்களுக்கு வட்டி தருகிறோம்.
>
> அவசரத்துக்கு இடையில் பணம் வேண்டுமானால் எழுதிக் கொடுத்த இத்தனை நாளில் தருவோம். அப்போது வட்டி இவ்வளவு குறையும். உங்களுக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். எங்கள் கடைசித் தணிக்கை அறிக்கையை அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் காட்டுவோம்.

இரண்டாவது பத்தி முதல் பத்தியின் எழுத்தளவிலேயே, அதற்கு அடுத்ததாகவே வர வேண்டும். தாளின் பின்பக்கத்துக்கோ அடிக்குறிப்புக்கோ தள்ளினால் கண்ணாடி போட்டாலும் அவர்கள் படிக்கப் போவதில்லை. மூன்றாவது பத்தியில் ‘இத்தனை நாள்’, ‘இவ்வளவு’ என்று நான் விட்டிருக்கும் இடங்களைச் சங்கத்தின் துணைவிதியைப் பார்த்து நிரப்புங்கள். ஒரு கோடி ரூபாய் வரையிலான தனிநபர் டெபாசிட்டை இடையில் எடுக்க வங்கிகள் அனுமதித்தே ஆக வேண்டும். சங்கத்துக்கு அந்த விதி பொருந்தாது. துணைவிதியில் எழுதியிருப்பதுதான் உறுப்பினரின் உரிமை. அங்கே ஒன்றும் எழுதவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்கிறவர் நிர்வாகக் குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வரியைப் பற்றிப் பிரசுரத்தில் ஒரு வரி போதும்: சங்கம் வரி பிடிக்காவிட்டாலும் இந்த வட்டி உங்கள் வருமானமே, கணக்கில் காட்ட வேண்டும்.

வட்டி தவறாதது எதைக் காட்டும்

வட்டி ஒழுங்காக வருவதைச் சங்கத்தின் நலத்துக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுத்தே ஆக வேண்டும். நொடித்த அமைப்புகள் பலவற்றில் கடைசி மாதம் வரை வட்டி ஒழுங்காகவே வந்தது. புதிதாக வரும் டெபாசிட்டிலிருந்தே பழையவர்களுக்கு வட்டி தர முடியும், வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவருவது அசலைக் கேட்கும்போதுதான். காலம் முடிந்தவர்களிடம் ‘இன்னும் ஓராண்டு புதுப்பித்துவிடுங்கள், அரை சதவீதம் கூட்டித் தருகிறோம்’ என்று வற்புறுத்துகிறார்களா? பெரிய தொகையைக் கேட்டால் தவணையாகத் தருகிறார்களா? டெபாசிட் பிடித்துவருகிறவருக்குக் கமிஷன் உண்டா? இவற்றை அக்கம்பக்கத்து உறுப்பினர்களிடம் விசாரியுங்கள்.

உறுப்பினர் என்ற முறையில் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். எல்லாப் பக்கமும் புரிய வேண்டியதில்லை. கொடுத்த கடனில் திரும்பாமல் நிற்பது எவ்வளவு, போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இயக்குநர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் கொடுத்த கடனைப் பற்றித் தணிக்கையாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அறிக்கை இரண்டு ஆண்டு பழையதாக இருந்தாலோ, ‘உங்களுக்கு எதற்கம்மா அது’ என்றாலோ, அதுவே பதில்.

உங்கள் நிலை

ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அப்படிப்பட்ட திட்டத்தில் ஆள் சேர்க்கத் தெரிந்தே பொய்யான அல்லது திசைதிருப்பும் வாக்குறுதி தருவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் சேரும். உங்கள் சங்கத்தின் டெபாசிட் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது யாரிடம், எந்த வகையில் பணம் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சங்க நிர்வாகிகளின் பொறுப்பும் பிரசுரத்தை மொழிபெயர்த்தவரின் பொறுப்பும் ஒன்றல்ல. ஆனாலும் காப்பீடு இல்லை என்று இந்தப் பதிலைப் படித்த பிறகு உங்களுக்குத் தெரியும். தெரிந்தபின் ‘காப்பீடு உண்டு’ என்று எழுதினால், தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல இடமிருக்காது. சட்டத்தை விடுங்கள், அல்சூரில் உங்களிடம் படித்தவர்களின் பெற்றோர் ‘டீச்சரே எழுதியிருக்கிறார்’ என்று பணத்தைக் கொண்டுவருவார்கள்.

எனவே இயக்குநருக்குக் கையெழுத்திட்ட கடிதமாகவே எழுதுங்கள்: ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’ என்பதையும் காப்பீட்டு வரியையும் 11.98ஐயும் நீக்கி, வங்கி அல்ல என்ற பத்தியைச் சேர்த்து, உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுப்பதானால் எழுதித் தருகிறேன். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் விலகிவிடுங்கள். கன்னடப் பிரசுரம் அதே வாசகங்களோடு ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தால், ஒரு பிரதியைக் கூட்டுறவுப் பதிவாளருக்கு அனுப்பலாம். ரிசர்வ் வங்கி இதற்கென வைத்திருக்கும் sachet.rbi.org.in என்ற தளத்திலும் தெரிவிக்கலாம்.

உங்கள் சொந்த 4 லட்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பயந்துபோய் இன்றைக்கே எடுக்க வேண்டாம், இடையில் எடுத்தால் வட்டி குறையும். தணிக்கை அறிக்கை சரியாக இருந்தால் காலம் முடியும்வரை இருக்கட்டும். முடிந்ததும் புதுப்பிக்காமல் முழு அசலையும் கேளுங்கள். அறுபது வயது கடந்தவர் நீங்கள். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். சேரும் நாளில் உள்ள வட்டி வீதமே 5 ஆண்டுக்கும் நீடிக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், பின்னால் நிற்பது மத்திய அரசு. வட்டி சங்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அறிக்கையைத் தர மறுத்தால் மட்டும் காலம் முடியக் காத்திருக்காதீர்கள்; வட்டி குறைந்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்.